மாப்பிள்ளை கோவிச்சுக்காத பேரு

அம்மிணி, சித்தெ இந்தப் பக்கம் நவுந்துக்கறீங்களா? சன்னலோரம் எனக்கு வேணுமுங்க. வம்பு பண்றேன்னு நெனைக்காதீங்க. நடுவால உக்காந்தா சத்தியமங்கலம் தாண்டறதுக்குள்ள எனக்குத் தலை சுத்திரும், அப்பறம் உங்க சேலைக்குத்தான் சேதாரம். ஆங், அப்படித்தான். மகராசியா இருப்பீங்க.

கோயமுத்தூருக்குங்களா? நானும் காந்திபுரம்தான். மக ஊட்டுக்கு. இந்தப் பைய மடியிலயே வெச்சுக்கறேன், மேல வெச்சா உருண்டு வந்துரும். உள்ள வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் செஸ் போர்டும் இருக்குது. கச்சாயம் மகளுக்கு. போர்டு எதுக்குன்னு சொல்றேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க போன்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க? பொது அறிவுப் போட்டிங்களா? நல்லது. அதுல உங்க பேரு என்னமோ மேல எழுதியிருந்துச்சே, எட்டிப் பாத்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. 'தோக்காதவள்'! அட கெரகமே. மொதல்ல அதை மாத்துங்க அம்மிணி. ஏன்னு கேளுங்க. கோயமுத்தூரு போய்ச் சேர்ற வரைக்கும் நேரம் கெடக்குது.

நான் கோபியில பெண்கள் பள்ளிக்கூடத்துல பீ.டி. டீச்சரா இருந்து ரிட்டையர்டு ஆனவ. பேரு தெய்வாத்தாள். ஓட்டம், கோகோ, எறிபந்து எல்லாம் போக, மழை பேஞ்சா பிள்ளைகளை வராந்தாவுல உக்கார வெச்சு செஸ் சொல்லிக் குடுப்பேன். நானும் அந்தக் காலத்துல மாவட்ட அளவுல ஆடி கப்பு வாங்கியிருக்கேனுங்க. பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்கும்தான்.

எனக்கு ஒரே மக, சுகன்யா. மாப்பிள்ளை தீபன், பீளமேட்டுல மோட்டார் பம்ப் கம்பெனியில வேலை. தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. ரோசம் மட்டும் கொஞ்சம் எச்சா.

தலைதீபாவளிக்கு வந்தாங்க. மோதரம் போட்டு, வேட்டி சட்டை வெச்சுக் குடுத்து, ஊடு நெறைய ஒறம்பரை, அவிய அப்பா அம்மா, சித்தப்பா பெரியப்பான்னு ஏகப்பட்ட கூட்டம். சாப்பாடு ஆறதுக்கு இன்னும் நேரமிருக்குதுன்னு சுகன்யாதான் போர்டை எடுத்தா. "எங்கம்மா நல்லா ஆடுவாங்க"ன்னு சொன்னா. அவரும், "அப்படிங்களா அத்தை? வாங்க பாக்கலாம்"னு சட்டைக் கையை மடிச்சு உட்டுட்டு உக்காந்தாரு. எங்கூட்டுக்காரரு என்ற முழங்கையில ரெண்டு தடவ இடிச்சாரு. எதுக்கு இடிக்கறாருன்னே எனக்கு வெளங்கலை. நான் ஆடுனேன். மாப்பிள்ளைக்குக் குதிரையைக் காப்பாத்தத் தெரியலை. சடார்னு முடிஞ்சு போச்சு.

"செக்மேட்! சரி, அடுத்த ஆளு வாங்க!"ன்னேன்.

அவ்வளவுதானுங்க. அன்னைக்கு இலையில இனிப்புக்கு வெச்ச ஒப்புட்டை அவரு தொடவே இல்லை. சாயங்காலமே கெளம்பிட்டாரு. அதுக்கப்பறம் பொங்கலுக்கு வரலை, ஆடிக்கு வரலை, போன வருசம் தீவாளிக்கு மக மட்டும் வந்துட்டுப் போனா. கேட்டா வேலைம்பாரு, லீவு இல்லைம்பாரு. "அம்மா, எல்லாம் உன்னாலதான்"னு சுகன்யா அழுதா. என்னாலயா? ஆட்டத்துல தோத்தா கோவிச்சுக்கறதா? என்ற பிள்ளைக நூறு தடவ தோத்திருக்குது, ஒண்ணாச்சும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்குதான்னு கேட்டேன்.

இப்பப் பாருங்க, மகளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புப் போட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும், தலைப்பிரசவம் எங்கூட்லதான். மாப்பிள்ளை வாசப்படி மிதிக்காம எப்படிங்க கூட்டிட்டு வர்றது? ஒறம்பரை சும்மா இருக்குமா? மக மனசு என்ன பாடுபடும்? எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைங்க.

அப்பத்தான் ஒரு நாளு சுகன்யா, "அவரு கம்பெனியில மத்தியானம் சாப்புட்டுட்டு போன்ல செஸ் ஆடறாரும்மா, நல்லா வந்துட்டாரு"ன்னு ஒரு படம் அனுப்பிச்சா. அவரு ஜெயிச்ச ஆட்டத்தைப் புடிச்ச படம். அதுல அவரு பேரு இருந்துச்சு. 'அமைதி ராஜா'! சிரிப்பு தாங்கலைங்க எனக்கு. ஒப்புட்டைக்கூடத் தொடாம கோவிச்சுட்டுப் போனவரு அமைதி ராஜா! பேரு பெத்த பேரு, தாக நீலு லேதும்பாங்களே, பேருதான் பெருசு, குடிக்கத் தண்ணி கெடையாது.

சிரிச்சு முடிச்சதும் ஒரு ரோசனை வந்துச்சு. அத்தைகிட்ட ஆட மாட்டாரு. முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட ஆடுவாருல்ல? நாலு ஆட்டம் நல்லபடியா ஆடுனா, தோக்கறது ஒரு பெரிய விசயமில்லைன்னு அவருக்கே தெரிஞ்சு போகும். கோவம் ஆறிரும். சரின்னு அவரு ஆடற அதே செஸ் தளத்துல ஒரு கணக்குத் தொறந்தேன்.

பேரு வெக்கறதுலதான் வந்துச்சு வெனை. இங்கிலீசு எழுத்தும் நம்பரும்தான் போடலாம், எடம் உடக்கூடாது, நடுவால ஒரு கோடு போட்டுக்கலாம். 'ராணி'ன்னு போட்டேன், ஏற்கனவே யாரோ வெச்சிருக்காங்கன்னு சொல்லிருச்சு. வேணும்னா இதை வெச்சுக்கன்னு அதுவே 'ராணி'க்குப் பின்னால அஞ்சாறு நம்பரைப் போட்டுக் காட்டுச்சு. அதென்ன, கரண்டு பில்லு நம்பராட்டம்! போடா நீயும் உன்ற நம்பரும்னு, 'ராணிவெட்டு'ன்னு வெச்சேன். கெடைச்சுது. பேருன்னா அது பேரு! சொல்லறப்பவே ஒரு மெரட்டு இருக்குதில்லீங்க?

அந்த மெரட்டுதான் தப்பு. ஆட்டம் ஆரம்பிச்சதும் எதிராளிக்கு மொதல்ல தெரியறது நம்ம மூஞ்சி இல்லை, பேருதான். பேரு, பக்கத்துல ரேட்டிங், அதாவது நம்ம ஆட்டத்துக்குத் தளம் போடற மார்க்கு. 'ராணிவெட்டு'ன்னு பாத்ததும் ஒருத்தனுக்கு இவளை ஒரு கை பாக்கோணும்னு வெறி வந்துரும். சும்மா வெளையாட வந்தவன்கூட மல்லுக்கட்டுவான். இன்னொருத்தன் பேரைப் பாத்ததுமே மொத நகர்த்தலுக்கு முன்னால ஆட்டத்தை ரத்துப் பண்ணிட்டுப் போயிருவான். தோக்கற நெலைமைக்கு வந்தவன் தோத்தேன்னு ஒத்துக்க மாட்டான், ஆடவும் மாட்டான், கடிகாரத்தை ஓட உட்டுட்டு டீ குடிக்கப் போயிருவான். நான் இங்க போனையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். ஜெயிச்சவனோ, "எங்க உன்ற வெட்டு?"ன்னு எழுதிட்டுப் போவான்.

அதைவிடக் கூத்து ஒண்ணு இருக்குது. பேரு நம்மளையும் புடிச்சு ஆட்டுதுங்க. 'ராணிவெட்டு'ன்னு வெச்சுட்டு, ராணியை உள்ளயே வெச்சிருந்தா நல்லாயிருக்குமா? ஆரம்பத்துலயே ராணியை வெளிய கொண்டாந்து, எதிராளி குதிரையும் பிஷப்புமா வந்து அதைத் தொரத்த, நான் ஓட ஓட... எத்தனை பிள்ளைகளை அதுக்கே எந்திரிச்சு நிக்க வெச்சிருக்கேன் தெரியுங்களா? ரேட்டிங் கெணத்துல உட்ட வாளியாட்டம் எறங்குச்சு.

அமைதி ராஜாவைத் தேடிப் புடிச்சு ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். பேரைப் பாத்தாரு, முடியாதுன்னுட்டாரு. மறுநாளு கூப்பிட்டேன். மறுபடியும் முடியாதுன்னுட்டாரு. சரி, இவருக்கு மெரட்டுனா புடிக்காது, பணிவா போயிரலாம்னு முடிவு பண்ணுனேன். அந்தத் தளத்துல ஒருக்காத்தான் பேரை மாத்த உடுவாங்க. அந்த ஒருக்காவையும் செலவழிச்சு, 'இப்பத்தான் கத்துக்கறேன்'னு மாத்துனேன். இதைவிடப் பணிவா யாராச்சும் வெக்க முடியுமா, சொல்லுங்க?

உடனே ஒத்துக்கிட்டாரு! எனக்குச் சந்தோசம் தாங்கலை. ஆட்டம் ஆரம்பிச்சா, பிஷப்பையும் ராணியையும் எடுத்துட்டு வந்து நாலே நகர்த்தல்ல கதையை முடிக்கப் பாக்கறாருங்க! கத்துக்குட்டின்னா அடிச்சுத் துவைச்சுரலாம்னு எல்லாருக்கும் ஒரு நெனைப்பு. அந்தப் பேரு இருந்த வரைக்கும் பாதிப்பேரு எங்கிட்ட அதைத்தான் பண்ணுனாங்க. ஆறாங்கிளாசு பிள்ளைக்கே அதைத் தடுக்கச் சொல்லிக் குடுத்தவ நான். தடுத்தேன், அவரு ராணியைத் தொரத்திப் புடிச்சேன், முடிச்சேன்.

"இப்பத்தான் கத்துக்கறீங்களாக்கும்?"னு எழுதுனாரு. நான் பதில் எழுதறதுக்குள்ள என்னைத் தடுத்து வெச்சுட்டாரு. தடுத்து வெச்சா அப்பறம் நம்ம கூப்பிட முடியாது, எழுதவும் முடியாது. வேற யாரோ ஒருத்தன் என்ற மேல தளத்துக்கே புகார் எழுதிப் போட்டான், தெறமையை மறைச்சு ஏமாத்தறான்னு. ஏமாத்தறானாம்! என்னை ஆம்பளைன்னே முடிவு பண்ணிட்டான்.

உக்காந்து ரோசிச்சேன். மெரட்டுனவன்கிட்டத் தோத்தா தோல்வி. கத்துக்குட்டிகிட்டத் தோத்தா அவமானம். பணிவுன்னு நான் வெச்ச பேரு, ஆளை வரச்சொல்லி வரப்புல தடுக்கி உடற மாதிரி ஆயிப்போச்சு. உங்க பேருக்கும் அதே கதைதான் அம்மிணி. 'தோக்காதவள்'னு பாத்ததும் நாலு பேரு உங்களைத் தோக்கடிக்கறதுக்குன்னே வருவான். தவளை தன் வாயால கெடும்பாங்க. அதுபாட்டுக்கு இருக்கட்டும், சொல்றேன்.

பேரை இன்னொருக்கா மாத்த உட மாட்டாங்க. ரெண்டு கணக்கு வெச்சுக்கறதும் தப்பு. பழசை மூடிட்டு, புதுசு தொறந்து, ரேட்டிங் மறுபடியும் மொதல்ல இருந்து. இந்தத் தடவ நல்லா ரோசிச்சுத்தான் வெச்சேன். 'டீச்சர்'னு வெக்கலாமா? வேண்டாம், டீச்சரை ஜெயிக்க ஆசையில்லாத மனுசனே கெடையாது. பொம்பளை பேரு? வேண்டாம், ஆட்டத்தை உட்டுட்டு "ஹாய்"னு ஆரம்பிச்சுருவானுக. பொறந்த வருசம்? வயசைச் சொன்ன மாதிரி ஆயிரும். கோபின்னு ஊரு பேரு? மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்துரும். கிராண்ட்மாஸ்டர்னு போட்டுக்கறதெல்லாம் வாங்காத பட்டத்தைத் தோள்ல போட்டுக்கற மாதிரி, அதுக்கு அடிதான் உழும்.

அப்பத்தான் எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி நெனப்புக்கு வந்தா. மரகதம்னு பேரு. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, காயெல்லாம் எடுத்துப் பழையபடி அடுக்கி வெச்சுருவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. அவகிட்டத் தோத்த பிள்ளைக யாரும் அழுததில்லை. அவகூட ஆடறதுக்குத்தான் சண்டை போட்டுக்குவாளுக. பயமும் இல்லை, பீத்தலும் இல்லை. அந்த மாதிரி ஒரு பேரு வேணும்.

'இன்னொரு ஆட்டம்'னு வெச்சேன்.

நல்லாயிருக்குதில்லீங்க? தோத்தா ஓட மாட்டேன்னு சொல்லுது, ஜெயிச்சாலும் போயிர மாட்டேன்னு சொல்லுது. யாரையும் குத்தலை. தோத்தவன் கடுப்பா மேல பாத்தா, அங்க 'இன்னொரு ஆட்டம்'னு இருக்கும். கீழயே மறுபடி ஆடறதுக்குப் பட்டன் இருக்கும். அமுக்கிருவான்! ஒருத்தன் கடிகாரத்தை ஓட உடலை, ஒருத்தன் திட்டலை. நானும் ராணியை உள்ளயே வெச்சு நிதானமா ஆடுனேன்.

ரேட்டிங் கொஞ்சம் ஏறுனப்பறம் ஒரு மத்தியானம் அமைதி ராஜாவைக் கூப்பிட்டேன். ஒத்துக்கிட்டாரு. ஆளுக்குப் பத்து நிமிசம். நான் ஜெயிச்சேன். போச்சு, மறுபடியும் தடுத்து வெச்சுருவாருன்னு போனையே பாத்துட்டு இருந்தேன். டக்குனு வந்துச்சுங்க, இன்னொரு ஆட்டம் ஆடலாமான்னு! அதுல அவரு ஜெயிச்சாரு. நான் உட்டுக் குடுக்கலைங்க, சத்தியமா. வேணும்னே தோக்கறது அந்தத் தளத்துலயும் தப்பு, எங்கிட்டயும் தப்பு. இப்பக் குதிரையை நல்லா காப்பாத்தறாரு.

தெனமும் ஆட ஆரம்பிச்சோம். ஆட்டம் முடிஞ்சா நான், "நல்லா ஆடுனீங்க. சாப்டாச்சுங்களா?"ன்னு எழுதுவேன். மொத ரெண்டு நாளு பதில் இல்லை. மூணாவது நாளு ரொம்ப நேரம் கழிச்சு, "சாப்டேனுங்க"ன்னு வந்துச்சு. பாருங்க, முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எவ்வளவு மரியாதை!

ஒருக்கா அவசரப்பட்டு யானையை உட்டுட்டாரு. எனக்கு மனசு கேக்கலை. "முதுகை நேரா வெச்சு உக்காந்து ஆடுங்க, தப்பு வராது"ன்னு எழுதுனேன். "சரிங்க டீச்சர்"ன்னாரு. பெரியவங்கன்னு நெனைச்சு அப்படிச் சொல்லிருப்பாரு. இந்தக் காலத்துப் பசங்க யாரைப் பாத்தாலும் சாரு, டீச்சருங்கறாங்கல்ல. நான் கண்டுபுடிக்கற மாதிரி ஒரு வார்த்தை உடலைங்க. அதுல நான் கெட்டிக்காரி.

இன்னொரு நாளு, "ஏனுங்க இன்னைக்கு இவ்வளவு மெதுவா?"ன்னு கேட்டேன். "மாமியார் ஊட்ல இருந்து எள்ளுருண்டை வந்துச்சுங்க, பல்லுல ஒட்டிக்கிச்சு"ன்னாரு. நான் பஸ்ஸுல குடுத்துவுட்டது! ஆட்டத்தைப் பாக்காமயே ஆடித் தோத்துட்டேன்.

சும்மா இருக்க முடியாம, "மாமியார்னா உங்களுக்குப் புடிக்குங்களா?"ன்னு கேட்டேன். யாரோ மூணாமத்தவங்க கேக்கற மாதிரி. ரொம்ப நேரம் எழுதறாரு, அழிக்கறாரு போல. அப்பறம் வந்துச்சு. எனக்கு மனப்பாடம்ங்க அது. "அவங்க ரொம்ப நல்லா ஆடுவாங்க. ஒருக்கா எல்லார் முன்னாலயும் அவங்ககிட்டத் தோத்தேன். தோத்ததுக்காக நான் வருத்தப்படலைங்க. நான் காயெல்லாம் மறுபடி அடுக்கிட்டு இருந்தேன். அவங்க 'அடுத்த ஆளு வாங்க'ன்னுட்டாங்க. ஒரு வார்த்தை, இன்னொரு ஆட்டம்னு கூப்பிடுவாங்கன்னு நெனைச்சேன்."

பள்ளிக்கூடத்துல வரிசையா நாப்பது பிள்ளைக நிக்கும், அடுத்த ஆளு அடுத்த ஆளுன்னு சொல்லிச் சொல்லியே என்ற வாய் பழகிப்போச்சு. அதுல என்னங்க தப்பு? நீங்களே சொல்லுங்க. சரி, உடுங்க. அவரு காயை அடுக்கிட்டு இருந்ததை நான் பாக்கவே இல்லைங்க. அது மட்டும்தான். ஒறம்பரை கூட்டத்துல நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.

அன்னைக்கு என்ன பதில் எழுதுனேன் தெரியுங்களா? "உங்க மாமியாருக்கு அது தெரிஞ்சிருக்காதுங்க. தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பாங்க"ன்னு எழுதுனேன். மூணாமத்த ஆளு எழுதற மாதிரியேதான். "சரிங்க"ன்னாரு. ரெண்டு நாளு கழிச்சு சுகன்யா போன் பண்றா. "அம்மா, அவரே சொல்றாரு, அத்தையை வரச் சொல்லு, வளைகாப்புக்கு நாள் பேசலாம்னு. வர்றப்ப செஸ் போர்டு எடுத்துட்டு வரச் சொன்னாரு"ன்னா. தானா மனசு மாறிருச்சு பாருங்க! எல்லாம் அந்தப் பேரு பண்ணுன வேலை. ஒரு நல்ல பேரு வெச்சா எவ்வளவு தூரம் போகுது!

அன்னூரு தாண்டியாச்சுங்களா? பேசிட்டே வந்ததுல தலையும் சுத்தலை. இருங்க, போன் ஏதோ சத்தம் போடுது. கண்ணாடியைப் போட்டுக்கறேன். அட, அமைதி ராஜா! அந்தத் தளத்துலதான் எழுதியிருக்காரு.

"இன்னைக்கு மத்தியானம் ஆட வர மாட்டேனுங்க. மாமியார் வர்றாங்க. லீவு போட்டிருக்கேன். பஸ்ஸுல சன்னலோரம் எடம் கெடைச்சுதுங்களா?"

எதுக்கு எங்கிட்டக் கேக்கறாரு? ஓ! அத்தைக்கு அனுப்ப வேண்டியதை மாத்தி இங்க அனுப்பிட்டாருங்க! பாவம், பதட்டத்துல. எனக்குப் பஸ்ஸுல தலை சுத்தும்னு எப்பவோ சுகன்யா சொல்லியிருப்பா, அதைக்கூட ஞாபகம் வெச்சிருக்காரு. இல்லைங்க, அழுகலை. காத்து மூஞ்சியில அடிக்குது. நீங்க ஏனுங்க அம்மிணி இப்படிச் சிரிக்கறீங்க? பேருக்குச் சிரிக்கறீங்களாக்கும். சிரிங்க சிரிங்க. மொதல்ல உங்க பேரை மாத்துங்க.

"கெடைச்சுதுங்க"ன்னு மட்டும் பதில் போட்டு உடறேன். இல்லாட்டி அந்தப் புள்ளை கவலைப்பட்டுட்டே இருக்கும்.

நேத்து ராத்திரியில இருந்து மனப்பாடம் பண்ணிட்டு வர்றேனுங்க. காலு கழுவி, தண்ணி குடிச்சு, மகளைப் பாத்து, போர்டை விரிச்சு உக்காரோணும். நான் ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, வேற ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது. காயெல்லாம் நானே எடுத்து அடுக்கோணும். அடுக்கிட்டு, "மாப்பிள்ளை, இன்னொரு ஆட்டம் ஆடலாங்களா?"ன்னு கேக்கோணும். வாய் பழகோணும்ல, அதான் உங்ககிட்டச் சொல்லிப் பாக்கறேன்.

காந்திபுரம் வந்துருச்சு. அங்க பாருங்க, அந்தத் தூணுப் பக்கத்துல நீலச் சட்டை போட்டுட்டு ஒவ்வொரு சன்னலா பாத்துட்டு நிக்கறாரே, அவருதான் மாப்பிள்ளை. பைய வாங்கறதுக்குக் கையை நீட்டிட்டு வர்றாரு பாருங்க. நான் யாருன்னு அவருக்குத் தெரியாதுங்க, அந்தத் தளத்துல. தெரிஞ்சா வெக்கப்படுவாரு, பாவம். நீங்களும் எறங்கறப்பச் சொல்லிப்போடாதீங்க.